மலேசியாவிலிருந்து வரும் அழைப்பில் நம் மியான்மர் எண் தெரிவது ஏன்?

கேள்வி: "நான் பெகுவில் இருக்கிறேன். மகள் கோலாலம்பூரில் வேலை பார்க்கிறாள். தன் மலேசிய எண்ணிலிருந்துதான் கூப்பிடுகிறாள். ஆனால் சில நாள் என் ஃபோனில் 09 என்று தொடங்கும் நம் நாட்டு எண் விழுகிறது, அதுவும் ஒவ்வொரு முறையும் வேறு எண். திரும்பக் கூப்பிட்டால் யாரும் எடுப்பதில்லை. குரலும் விட்டு விட்டு வருகிறது. இது என்ன ஏற்பாடு? கம்பெனிக்காரர்களுக்கு இது தெரியாதா? தெரிந்தால் எப்படிப் பிடிக்கிறார்கள்?"

ஐயா, நீங்கள் சொல்லும் அடையாளங்களை வைத்துப் பார்த்தால், அந்த அழைப்புகள் சிம் பெட்டி ஒன்றின் வழியாக வருகின்றன என்றே சொல்வேன். யாங்கூனில் ஒரு கைப்பேசி நிறுவனத்தின் வருவாய்ப் பாதுகாப்புப் பிரிவில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான். அந்த ஆண்டுகளில் பெரும்பகுதி இந்தப் பெட்டிகளைத் தேடுவதிலேயே கழிந்தது. உங்கள் மகளோ அவருடைய மலேசிய நிறுவனமோ தவறு செய்வதாக இதற்குப் பொருள் இல்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அவர் வழக்கம்போல உங்கள் எண்ணை அழுத்துகிறார். அழைப்பு நடுவழியில் கைமாறுகிறது.

வெளிநாட்டு அழைப்பு ஒரு நாட்டின் நிறுவனத்திடமிருந்து மறு நாட்டின் நிறுவனத்துக்கு எப்போதும் நேராகப் போவதில்லை. மலேசிய நிறுவனம் மியான்மருக்கான அழைப்பு நிமிடங்களை மொத்த வியாபாரிகளிடம் கொடுக்கிறது. அவர் இன்னொருவரிடம் கொடுக்கிறார். இப்படி மூன்று நான்கு கைகள் மாறுவது சாதாரணம். ஒவ்வொரு கையிலும் ஒரு கணினி, அந்த நேரத்தில் மலிவாக இருக்கும் வழியைத் தேர்ந்தெடுக்கிறது. முறையான வழியில் கடைசிக் கை, இங்குள்ள நிறுவனத்தின் பன்னாட்டு நுழைவாயிலில் அழைப்பை ஒப்படைத்து, உங்கள் ஃபோன் வரை கொண்டுவந்து சேர்ப்பதற்கு நிமிடத்துக்கு இவ்வளவு என்று சேர்ப்புக் கட்டணம் செலுத்தும். முறையற்ற வழியில் கடைசிக் கை அழைப்பை அந்த நுழைவாயிலுக்கே கொண்டுபோவதில்லை. இணையத்தின் வழியாக யாங்கூனிலோ மண்டலையிலோ ஒரு வாடகை அறையில் இருக்கும் பெட்டிக்கு அனுப்பிவிடுகிறது. அந்தப் பெட்டிக்குள் முப்பத்திரண்டோ அறுபத்து நான்கோ, சிலவற்றில் அதற்கும் மேலோ உள்ளூர் சிம்கள் இருக்கும். பெட்டி அவற்றில் சும்மா இருக்கும் ஒன்றை எடுத்து, அதிலிருந்து சாதாரண உள்ளூர் அழைப்பாக உங்களைக் கூப்பிட்டு, இரண்டு அழைப்புகளையும் இணைத்துவிடுகிறது. உங்கள் திரையில் விழுவது அந்த சிம்மின் எண். அடுத்த முறை வேறு சிம் சும்மா இருக்கும், ஆகவே வேறு எண் விழுகிறது. திரும்பக் கூப்பிட்டால் மறுமுனையில் மனிதர் இல்லை, பெட்டி மட்டுமே இருக்கிறது. அதனால்தான் யாரும் எடுப்பதில்லை.

இதில் என்ன லாபம் என்பதற்கு ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். இவை நான் உதாரணத்துக்காக எடுத்துக்கொள்ளும் எண்கள். எந்த நிறுவனத்தின் இன்றைய கட்டணமும் அல்ல. சேர்ப்புக் கட்டணம் நிமிடத்துக்கு 12 அமெரிக்க சென்ட், உள்ளூர் அழைப்பு இரண்டரை சென்ட் என்று வைத்துக்கொள்வோம். பெட்டிக்காரர் மொத்த வியாபாரியிடம் 7 சென்டுக்கு நிமிடத்தை ஏற்றுக்கொண்டால், வியாபாரிக்கு 5 சென்ட் மிச்சம், பெட்டிக்காரருக்கு நாலரை சென்ட் லாபம். ஒரே நேரத்தில் 32 அழைப்புகளைக் கையாளும் பெட்டியில் ஒவ்வொரு வழியும் நாளுக்கு 300 நிமிடம் ஓடினால் மொத்தம் 9,600 நிமிடம். பெட்டிக்காரர் கையில் நாளொன்றுக்கு 432 டாலர். இங்குள்ள நிறுவனத்துக்கு 12 சென்ட் வரவேண்டிய இடத்தில் இரண்டரை சென்ட் மட்டும் வருவதால் நாளொன்றுக்கு 912 டாலர் இழப்பு. ஆக, எல்லாவற்றுக்கும் வேர் அந்த இரு கட்டணங்களுக்கும் இடையிலுள்ள இடைவெளிதான். கானா நாடு 2009இல் சட்டம் இயற்றி, உள்ளே வரும் வெளிநாட்டு அழைப்புக்குக் குறைந்தபட்சம் நிமிடத்துக்கு 19 சென்ட் என்று நிர்ணயித்தது. அதற்குப் பிறகு சிம் பெட்டிகள் அந்த நாட்டுக்குப் பெரும் தலைவலியாயின.

நம் நாட்டில் இது வேர்விட இன்னொன்றும் தேவைப்பட்டது. ஒரு சிம் வாங்க ஆயிரம் டாலருக்கும் மேல் கொடுத்த காலம் உங்களுக்கு நினைவிருக்கும். அப்படிப்பட்ட சிம்மை ஒரு பெட்டியில் அறுபது செருகி, பிடிபட்டால் போகட்டும் என்று யாரும் விடமாட்டார்கள். 2014இல் வெளிநாட்டு நிறுவனங்கள் வந்து சிம் 1,500 கியாட்டுக்குத் தெருவோரக் கடைக்கு வந்தபோது, நம்மைப் போன்றவர்களுக்கு எவ்வளவு நன்மை கிடைத்ததோ அதே அளவுக்குப் பெட்டிக்காரர்களுக்கும் கதவு திறந்தது. பெட்டிக்கு சிம் என்பது எரிபொருள் மாதிரி. தினமும் சில சிம்கள் முடக்கப்படும், அந்த இடத்தில் புதியவை செருகப்படும். நான் வேலை பார்த்த இடத்தில் எங்கள் விற்பனைப் பிரிவு, தன் வலைக்குள் எவ்வளவு பேசினாலும் ஒரே தொகை என்று ஒரு சலுகையை அறிவித்தது. அடுத்த சில வாரங்களில் நாங்கள் கண்டெடுத்த பெட்டி சிம்களில் பெரும்பாலானவை அந்தச் சலுகையில்தான் இருந்தன. இரண்டரை சென்ட் செலவையும் நாங்களே அவர்களுக்கு மிச்சப்படுத்திக் கொடுத்திருந்தோம்.

இனி எப்படிப் பிடிக்கிறார்கள் என்பதற்கு வருகிறேன். இரண்டு வழிகள் உண்டு. அவை தரும் உறுதி ஒன்றல்ல. முதலாவது சோதனை அழைப்பு. பல நாடுகளில், பல நிறுவனங்களின் எண்களிலிருந்தும், அழைப்பு அட்டைகளிலிருந்தும், மலிவாகப் பேசித் தரும் செயலிகளிலிருந்தும் நம் சொந்த எண்களுக்கு நாமே அழைப்போம். மலேசியாவிலிருந்து என்றால், அழைத்தது அந்நாட்டின் +60 எண்ணிலிருந்து என்பது நமக்குத் தெரியும். இங்குள்ள சோதனைக் கைப்பேசியில் +60 தெரிந்தால் வழி சரி. 09 தெரிந்தால், அந்த 09 எண் பெட்டிக்குள் இருக்கும் சிம். இதில் ஊகத்துக்கு இடம் மிகக் குறைவு. நாமே போட்ட அழைப்பு அந்த சிம்மிலிருந்து வெளிவந்திருக்கிறது.

இரண்டாவது, அழைப்புப் பதிவேடு. ஒவ்வொரு அழைப்புக்கும் எந்த எண், யாரை, எப்போது, எத்தனை நொடி, எந்தக் கோபுரத்தின் எந்தப் பக்கத்திலிருந்து, எந்தக் கருவியிலிருந்து என்று ஒரு வரி பதிவாகிறது. மனிதர் பயன்படுத்தும் சிம்முக்கும் இயந்திரம் பயன்படுத்தும் சிம்முக்கும் அந்த வரிகளில் வேறுபாடு தெரியும். ஆனால் இந்த வழியில் கிடைப்பது சந்தேகம் மட்டுமே, சான்று அல்ல. இந்த வேறுபாட்டை மறந்தவர்கள் செய்யும் தீங்கைப் பின்னால் சொல்கிறேன்.

நான் நேரில் இருந்து நடத்திய ஒரு தேடலை விரிவாகச் சொன்னால் இரண்டும் எப்படிச் சேர்கின்றன என்பது விளங்கும். இரண்டு இரவுகளில் மலேசியா, சிங்கப்பூர், வளைகுடா நாடுகளிலிருந்து 40 சோதனை அழைப்புகள் போட்டோம். முப்பத்தொன்று முறையாக வந்தன. ஒன்பது 09 எண்களோடு வந்தன. அவற்றில் இரண்டு எண்கள் இருமுறை வந்ததால் நம் கைக்குக் கிடைத்தவை ஏழு சிம்கள். உடனே அவற்றை முடக்குவதுதான் இயல்பாகத் தோன்றும். நாங்கள் முடக்கவில்லை. ஏழு சிம்மை வெட்டினால் ஒரு மணி நேரத்தில் வேறு ஏழு உட்காரும். நமக்கோ கையில் இருந்த நூல் அறுந்துபோகும்.

ஆகவே அந்த ஏழின் கடந்த மூன்று வாரப் பதிவேட்டை எடுத்தோம். ஒவ்வொரு கைப்பேசிக் கருவிக்கும் 15 இலக்கங்கள் கொண்ட ஐஎம்இஐ என்ற அடையாள எண் உண்டு. சிம் வேறு, கருவி வேறு என்பதால் பதிவேட்டில் இரண்டும் தனித்தனியாகப் பதிவாகும். உங்கள் சிம் உங்கள் ஒரே ஃபோனில் மாதக்கணக்கில் இருக்கும். அந்த ஏழு சிம்களோ ஒரு சில கருவி எண்களுக்குள் மாறி மாறி உட்கார்ந்திருந்தன. அவற்றில் ஒரு கருவியில் ஒரே நாளில் ஐந்து வெவ்வேறு சிம்கள். அடுத்து, அந்தக் கருவிகளில் எப்போதாவது உட்கார்ந்த எல்லா சிம்களையும் கேட்டோம். ஏழு 58 ஆயிற்று. அந்த 58இல் 40 சிம்கள் ஒரே வாரத்தில், ஒரே சில்லறை விற்பனையாளர் வழியாக உயிர்பெற்றிருந்தன. ஐம்பத்தெட்டும் பகலும் இரவும் ஒரே கோபுரத்தின் ஒரே பக்கத்தைவிட்டு அசையவில்லை. மனிதர் வேலைக்குப் போவார், சந்தைக்குப் போவார், வீடு திரும்புவார். அவருடைய சிம் நாளுக்கு நாலைந்து கோபுரங்களையாவது தொட்டுவிடும்.

அவற்றுள் ஒரு சிம்மின் ஒரு நாளை எடுத்துப் பார்த்தோம். வெளியே போன அழைப்புகள் 140; அழைக்கப்பட்ட வெவ்வேறு எண்கள் 131. குறுஞ்செய்தி ஒன்றும் இல்லை. இணையப் பயன்பாடு இல்லை. அழைப்புகள் மிகுந்திருந்த நேரம் நம் ஊர் வழக்கப்படி மாலை அல்ல, இரவு பதினொன்றுக்கும் ஒன்றுக்கும் இடையில். துபாய் நேரம் நம்மைவிட இரண்டரை மணி நேரம் பின்தங்கியது என்பதை எண்ணினால் அங்கே அது வேலை முடிந்து அறைக்கு வந்து ஊருக்குப் பேசும் நேரம். உள்ளே வந்த முயற்சிகள் மூன்று. மூன்றுக்கும் பதில் இல்லை. மூன்றும் வந்தது, அதே நாளில் அந்த சிம்மிலிருந்து அழைப்பைப் பெற்ற எண்களிலிருந்து. உங்களைப்போலவே பிள்ளையின் அழைப்பு அறுந்துபோய், திரையில் இருந்த எண்ணைத் திரும்பக் கூப்பிட்ட யாரோ மூன்று பேர். அந்த மூன்று வரிகளைப் பார்த்தபோது நான் வேலையை நிறுத்திவிட்டுச் சிறிது நேரம் உட்கார்ந்திருந்தேன். நிறுவனத்தின் நஷ்டக் கணக்கில் அவர்களுக்கு இடம் கிடையாது. பதிலில்லாத அழைப்புக்குக் கட்டணம் இல்லாததால், கட்டணப் பதிவேட்டை மட்டும் பார்ப்பவர் கண்ணில் இவை படவே படா. இணைப்பகத்தின் மூலப் பதிவுகளைத் தனியாகக் கேட்டு வாங்கவேண்டும்.

இடத்தைக் கண்டது இப்படி. கோபுரத்தின் ஒரு பக்கம் என்பது விசிறி விரித்தாற்போன்ற ஒரு பரப்பு. பழைய இரண்டாம் தலைமுறை வலையில், கைப்பேசியின் அலை கோபுரத்தை அடைய எடுக்கும் நேரத்தைச் சரிக்கட்ட ஒரு அளவு கணக்கிடப்படுகிறது. அதன் ஒவ்வொரு படியும் சுமார் 550 மீட்டர் தூரம். எங்கள் சிம்கள் எல்லாம் ஒரே படியில் நின்றதால் விசிறி ஒரு வளைந்த பட்டையாகச் சுருங்கியது. சில தெருக்கள் அடங்கும் அளவுதான். அதற்குள் கையில் ஏந்தும் அலை அளவி ஒன்றோடு இரண்டு பொறியாளர்கள் நடந்தார்கள். ஒரு மாடியறையிலிருந்து அத்தனை அலைகளும் ஒன்றாக எழுவதைக் கண்டு அதிகாரிகளுக்குச் சொன்னோம். அறைக்குள் இணைய இணைப்பும், வரிசையாக உணர்கொம்புகள் நீட்டிய ஒரு பெட்டியும், குளிரூட்டியும் இருந்தன. ஆள் இல்லை. வீட்டுக்காரருக்கு மாத வாடகை ஒழுங்காக வந்துகொண்டிருந்தது. அதற்கு மேல் அவருக்கு ஒன்றும் தெரியவில்லை.

பெட்டியைத் திறந்தபோது அதில் ஒரு சிம்கூட இல்லை. சிம்கள் வேறொரு இடத்தில், சிம் வங்கி என்று இத்தொழிலில் சொல்லப்படும் தனிக் கருவியில் இருந்தன. வலை ஒரு சிம்மை நம்புவதற்கு முன் அதனிடம் ஒரு எண்ணைக் கொடுத்து, அதன் உள்ளே இருக்கும் இரகசியச் சாவியால் கணக்கிட்டு விடை சொல்லச் சொல்லும். சாவி சிம்மைவிட்டு வெளியே வராது. ஆனால் கேள்வியை இணையத்தில் அனுப்பி விடையை இணையத்திலேயே வாங்கிக்கொண்டால், சிம் எங்கிருந்தாலும் பெட்டி எங்கிருந்தாலும் வேலை நடந்துவிடும். அறையைப் பூட்டி முத்திரை வைத்த மறுநாளே அதே சிம்களில் சில, மண்டலையில் ஒரு கோபுரத்தில் தலைகாட்டின. எங்களுக்கு இது தோல்விதான். ஆனால் அந்தத் தோல்வியே ஒரு நல்ல அடையாளத்தையும் கற்றுத் தந்தது. பிற்பாடு பதிவேட்டில் தேடியபோது, யாங்கூனில் ஒரு அழைப்பை முடித்து, நான்கே நிமிடத்தில் அறுநூறு கிலோமீட்டருக்கு அப்பால் மண்டலையில் அடுத்த அழைப்பைத் தொடங்கிய சிம்கள் கிடைத்தன. எந்த விமானத்துக்கும் அது முடியாது. பதிவேட்டிலிருந்து கிடைக்கும் அடையாளங்களுள் சோதனை அழைப்புக்கு நிகரான உறுதியுள்ளது என்று நான் கருதுவது இது ஒன்றைத்தான்.

மற்ற அடையாளங்களைத் தனியாக நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு வருகிறேன். தொடக்க காலத்தில் எங்கள் பிரிவில் ஒரு விதி வைத்திருந்தார்கள்: நாளுக்கு நூறு அழைப்புக்கு மேல், ஒரே கோபுரம், குறுஞ்செய்தி இல்லை என்றால் சிம் தானாகவே முடங்கும். அந்த விதி முதல் வாரத்திலேயே முடக்கியவற்றுள் ஒன்று பயின்னவுங் மொத்தச் சந்தையில் உளுந்தும் துவரையும் பேசி முடிக்கும் ஒரு தமிழ்த் தரகருடைய எண். அவர் காலை ஆறு மணி முதல் மாலை வரை ஒரே கடைவாசலில் உட்கார்ந்து, ஊர் ஊராக விலை கேட்டுக்கொண்டே இருப்பார்; குறுஞ்செய்தி அனுப்பும் வழக்கமில்லை. இந்தியாவிலிருந்து கொள்முதல் விலை வந்த ஒரு காலையில் அவருடைய எண் ஊமையாகிவிட்டது. அவர் அலுவலகத்துக்கே வந்து நின்றார். அவருடைய பதிவேட்டையும் பெட்டி சிம்மின் பதிவேட்டையும் அருகருகே வைத்துப் பார்த்த பிறகுதான் எங்களுக்குப் புத்தி வந்தது. இருவரும் நூற்றுக்கு மேல் அழைக்கிறார்கள். ஆனால் தரகர் அதே அறுபது எழுபது பேரைத் திரும்பத் திரும்ப அழைக்கிறார், பெட்டியோ ஒருவரை அழைத்தால் மறுபடி அழைப்பது அரிது. தரகருக்கு வரும் அழைப்புகள் போகும் அழைப்புகளுக்குக் குறையாமல் இருக்கின்றன. இரவில் அவருடைய சிம் வீட்டுக்குப் போகிறது. அதன்பின் எண்ணிக்கையை விட்டு, திரும்ப அழைக்கும் விகிதத்தையும் உள்வரும் அழைப்பையும் இரண்டு வாரத்துக்குச் சேர்த்துப் பார்த்து, ஐயமுள்ளதை மனிதர் ஒருவர் வாசித்துப் பார்த்த பிறகே முடக்குவது என்று மாற்றினோம். இதனால் சில பெட்டி சிம்கள் கூடுதலாக இரண்டு நாள் ஓடின. அந்த இழப்பு ஏற்கத்தக்கது என்றே இன்றும் நினைக்கிறேன்.

மறுபக்கத்தில் இருப்பவர்களும் இதையெல்லாம் அறிந்தவர்களே. பெட்டியின் மென்பொருளே இப்போது சிம்களை மனிதரைப்போல் நடிக்க வைக்கிறது: ஒன்றையொன்று அழைத்துக்கொள்கின்றன, குறுஞ்செய்தி அனுப்பிக்கொள்கின்றன, சிறிது இணையமும் பார்க்கின்றன, நாளுக்குச் சில நிமிடங்களே ஓடி ஓய்வெடுக்கின்றன. கருவி எண்ணையும் ஏதோ ஒரு பிரபலமான கைப்பேசியின் எண்ணாக மாற்றிக்கொள்கின்றன. ஆகவே நான் மேலே சொன்ன சுத்தமான படம், 140 அழைப்பு, குறுஞ்செய்தி இன்மை எல்லாம், தேர்ந்த பெட்டிக்காரரிடம் கிடைக்காது. சோதனை அழைப்பையும் ஏய்க்க முயல்கிறார்கள். எப்போதும் வெளிநாட்டிலிருந்து மட்டும், அதுவும் சில நொடிகளே அழைப்பு வரும் எண் என்றால் அது சோதனை எண் என்று ஊகித்து, அந்த எண்ணுக்கான அழைப்பை மட்டும் முறையான வழியில் அனுப்பிவிடுவார்கள். சோதனை அறிக்கை சுத்தமாக இருக்கும். வருவாய் மட்டும் குறைந்துகொண்டே போகும். சோதனை எண்கள் வாழ்கிற எண்களாக, உள்ளூர் அழைப்பும் வந்துபோகும் எண்களாக, அடிக்கடி மாற்றப்படுபவையாக இருக்கவேண்டும் என்பதை நாங்கள் பட்டே கற்றோம்.

இந்த நடிப்பை ஊடுருவும் இரண்டு ஆய்வுகள் என்னை மிகவும் கவர்ந்தவை. 2015இல் ஃப்ளோரிடா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் அழைப்பின் ஒலியையே ஆராய்ந்தார்கள். இணையத்தில் குரல் சிறு சிறு பொட்டலங்களாகப் போகிறது. சில பொட்டலங்கள் தொலைந்துபோகும்போது அந்த இடம் மௌனமாகவோ முந்தைய ஒலியின் நகலாகவோ நிரப்பப்படுகிறது. அந்தத் தழும்பு சாதாரண உள்ளூர்க் கைப்பேசி அழைப்பில் பொதுவாக அப்படியே வருவதில்லை. நீங்கள் குரல் விட்டு விட்டு வருகிறது என்கிறீர்களே, பெரும்பாலும் அந்தத் தழும்புகளைத்தான் உங்கள் காது கேட்கிறது. இரண்டாவது 2023இல் தென் கொரிய ஆய்வாளர்கள் வெளியிட்டது. ஒரு கருவி வலையில் சேரும்போது, தன்னால் எந்தெந்த அலைவரிசைகளில் பேசமுடியும், எந்தெந்த வசதிகள் உண்டு என்று ஒரு நீண்ட பட்டியலைச் சொல்லும். பெட்டி தன் கருவி எண்ணை ஒரு விலையுயர்ந்த கைப்பேசியின் எண்ணாக மாற்றிக்கொண்டாலும், அந்தப் பட்டியல் அந்தக் கைப்பேசியின் பட்டியலோடு ஒத்துப்போவதில்லை. பெயரை மாற்றிக்கொண்டவர் பேச்சில் அகப்படுவதைப் போன்றது இது. ஒலி ஆய்வுக்கு அழைப்பின் ஒலியையே தொடவேண்டியிருக்கிறது, அதில் அந்தரங்கம் பற்றிய கேள்வி உண்டு. கருவிப் பட்டியல் ஆய்வுக்கு அது இல்லை. அதனால் பின்னதையே நான் விரும்புவேன்.

நிறுவனத்தால் தனியாகச் செய்யமுடியாத ஒன்றும் உண்டு. நீங்கள் ஒரு நிறுவனத்தின் வாடிக்கையாளர், பெட்டியில் இருப்பது இன்னொரு நிறுவனத்தின் சிம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வருவாயை இழப்பது உங்கள் நிறுவனம். ஆனால் அந்த சிம் எந்தக் கருவியில் இருக்கிறது, எந்தக் கோபுரத்தில் நிற்கிறது என்ற விவரம் மற்ற நிறுவனத்திடம். அதற்கோ தன் சிம்மிலிருந்து அழைப்பு மிகுவது வெளிப்பார்வைக்கு வியாபாரம். சோதனை அழைப்பில் கிடைத்த எண்களைப் பட்டியலாக எழுதி அனுப்பி, அவர்கள் முடக்கும் வரை காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை. உங்களுக்கு வரும் எண்கள் மாறிக்கொண்டே இருந்தும் நின்றபாடில்லை என்றால், இது காரணமாக இருக்கலாம்.

உங்கள் நிலைமைக்கு வருகிறேன். 09 எண் தெரிவதற்கு வேறு காரணங்களும் இருக்கலாம் என்பதால் முதலில் அவற்றைக் கழித்துவிடுங்கள். மகள் இங்கிருந்து கொண்டுபோன மியான்மர் சிம்மை அங்கே பயன்படுத்தினால் அதன் எண் முறையாகவே தெரியும். ஆனால் அது எப்போதும் ஒரே எண். அவர் மலிவு அழைப்பு அட்டையோ செயலியோ வழியாகப் பேசுகிறாரா என்று கேளுங்கள். பெட்டி வழிகள் அவற்றில்தான் அதிகம். அப்படியானால் வேறொன்றுக்கு மாறினாலே பெரும்பாலும் சரியாகிவிடும். நேராகத் தன் எண்ணிலிருந்து அழைத்தும் இப்படி வருகிறதென்றால், அவர் தன் மலேசிய நிறுவனத்திடமும் புகார் செய்யட்டும். அந்த வழியைக் கொடுத்த மொத்த வியாபாரியை மாற்றும் அதிகாரம் அவர்களிடம்தான் இருக்கிறது. பேச்சை யாராவது கேட்கிறார்களா என்ற பயம் உங்களுக்கு எழலாம். குரல் அந்தப் பெட்டியின் வழியாகத்தான் போகிறது, ஆகவே கேட்க வழி உண்டு. ஆனால் நான் பார்த்த பெட்டிகளில் பதிவு செய்யும் ஏற்பாடு இருக்கவில்லை. அவர்கள் விற்பது நிமிடங்களை. எனினும் வங்கி விவரம், அடையாள அட்டை எண் போன்றவற்றை அந்த அழைப்பில் சொல்லாமல் இருப்பது நல்லது. அவசரத்துக்கு மகளின் +60 எண்ணைத் தனியாக எழுதி வைத்துக்கொண்டு அதற்கே கூப்பிடுங்கள். திரையில் விழும் 09 எண்ணுக்குத் திரும்பக் கூப்பிடுவதால் எந்தப் பயனும் இல்லை.

உங்கள் நிறுவனத்திடமும் சொல்லுங்கள். உங்களுக்கு வந்த அழைப்பு எங்கள் சோதனை அழைப்பைவிட மதிப்புள்ளது, ஏனென்றால் உங்கள் எண்ணைச் சோதனை எண் என்று எந்தப் பெட்டிக்காரரும் ஊகிக்கமுடியாது. மகள் எந்த எண்ணிலிருந்து அழைத்தார், உங்கள் திரையில் எந்த எண் தெரிந்தது, எந்தத் தேதி, எத்தனை மணி எத்தனை நிமிடம் என்ற நான்கும் இருந்தால் போதும். பதிவேட்டில் அந்த வரியைத் தேடி எடுத்துவிடலாம். மகளின் ஃபோனில் இருக்கும் நேரம் நம்முடையதைவிட ஒன்றரை மணி நேரம் முன்னால் ஓடுவதால், உங்கள் ஃபோனில் பதிவான நேரத்தையே எழுதிக் கொடுங்கள். அது அழிவதற்குள், அன்றைக்கே எழுதிவிடுங்கள்.